பதிவேட்டில் இல்லாத அண்ணன்: சிசு மரணக் கணக்கைப் பற்றி ஒரு குறிப்பு

ஜூன் கடைசியில் ஊருக்குப் போயிருந்தேன். குற்றாலத்தில் நல்ல சாரல். ஐந்தருவியில் குளித்துவிட்டு தலை துவட்டிக்கொண்டே மொபைலைப் பார்த்தால், பள்ளிக்கூட நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். மாவட்டவாரியாகச் சிசு மரண விகிதம். எங்கள் தென்காசி பச்சை நிறத்தில் இருந்தது, பக்கத்துத் திருநெல்வேலி சிவப்பில். "பாத்தியால, நம்ம ஊரு கேரளா ஆயிட்டு" என்று கீழே எழுதியிருந்தான். படத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: "பதிவு செய்யப்பட்ட பிறப்பு, இறப்புகளின் அடிப்படையில்."

அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. யார் செய்த படம் என்று தெரியாது, அதனால் செய்தவரைக் குறை சொல்லப் போவதில்லை. அந்த முறையைத்தான் குறை சொல்லப் போகிறேன். ஏனென்றால் இதே முறையில் போட்ட பட்டியல்களும் தரவரிசைகளும் அடிக்கடி கண்ணில் படுகின்றன, படிக்கிறவர்களும் அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

முதலில் விகிதங்கள் எவை

மூன்று எண்கள். உயிரோடு பிறக்கும் 1000 குழந்தைகளில் முதல் 28 நாட்களுக்குள் இறப்பவர்கள் பச்சிளங்குழந்தை இறப்பு விகிதம். ஒரு வயது நிறைவதற்குள் இறப்பவர்கள் சிசு மரண விகிதம். ஐந்து வயது நிறைவதற்குள் இறப்பவர்கள் ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு விகிதம். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். இந்தியாவின் மாதிரிப் பதிவுத் திட்டம் (எஸ்ஆர்எஸ் என்பார்கள்) 2020-க்குக் கொடுத்த எண்கள் முறையே 20, 28, 32. அதாவது ஐந்து வயதுக்குள் நடக்கும் சாவுகளில் பாதிக்கு மேல் முதல் 28 நாளிலேயே நடந்துவிடுகிறது.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவாகாமல் நழுவுவதும் பெரும்பாலும் இந்த முதல் 28 நாள் சாவுகள்தான்.

ஏன் நழுவுகிறது

என் அம்மாவிடம் எத்தனை பிள்ளை என்று கேட்டால், "நாலு பெத்தேன், மூணு இருக்கு. மொதப் பிள்ள தங்கல" என்பாள். தலைப்பிரசவம் அம்மாவின் பிறந்த வீட்டில், கடையம் பக்கத்தில் ஒரு கிராமம். மருத்துவச்சி வந்து பார்த்த பிரசவம். ஆண் குழந்தை. மூன்றாம் நாள் ராத்திரி போய்விட்டது. பேர்கூட வைக்கவில்லை. பிறந்ததையும் யாரும் பதியவில்லை, இறந்ததையும் யாரும் பதியவில்லை. அரசாங்கக் கணக்குப்படி எனக்கு அண்ணனே கிடையாது.

இது 1970-களின் கதை. இப்போது தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். ஆனாலும் அடிப்படைக் காரணம் மாறவில்லை. வயதானவர் இறந்தால் சான்றிதழ் இல்லாமல் ஒன்றும் நகராது. பட்டா மாற்றணும், பேங்க் கணக்கை முடிக்கணும், இன்சூரன்ஸ் வாங்கணும், வாரிசுச் சான்று வாங்கணும். மூன்று நாள் குழந்தைக்கு இதில் எதுவும் இல்லை. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறப்பும் இறப்பும் இரண்டுமே 21 நாளுக்குள் பதியப்பட வேண்டும். குழந்தை போன வீட்டில், இரண்டு பதிவுக்காக யார் அலைவார்கள்?

இன்னொரு நழுவல் இதைவிட நுட்பமானது. என் சித்தி கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் படத்தை அவரிடம் காட்டியபோது அவர் முதலில் கேட்ட கேள்வியே இதுதான்.

"இதுல செத்துப் பொறந்தது எத்தனன்னு போட்டிருக்காவளா?"

"இல்ல சித்தி. அது எதுக்கு?"

"ஏய்யா, பொறந்து ஒரு தடவ மூச்சு வாங்கிட்டுப் போயிருந்தாலும் அது உயிரோட பொறந்த பிள்ளதான். ஆனா வீட்டுல என்ன சொல்லுவாவ? செத்தே பொறந்துட்டுன்னு சொல்லுவாவ. சொல்லுதவங்களுக்கும் அதுல ஒரு ஆறுதல். எழுதுதவங்களுக்கும் வேல கொறவு."

சட்டமும் உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையும் சித்தி சொன்னதைத்தான் சொல்கின்றன. மூச்சோ வேறு ஏதாவது உயிர்க்குறியோ ஒரு கணம் இருந்தாலும் அது உயிர்ப்பிறப்பு. அதை இறந்து பிறந்ததாக எழுதிவிட்டால், அது சிசு மரணக் கணக்கில் மேலேயும் வராது, கீழேயும் வராது. மேல் எண்ணில் ஒன்று குறைவது பெரிய விஷயம், கீழ் எண்ணில் ஒன்று குறைவது ஒன்றுமே இல்லை. அதனால் விகிதம் எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும், நல்ல பக்கம்.

நான் பார்க்கிற வேலையில் இதற்குச் சமமான ஒன்று உண்டு. எர்ரர் லாக் எழுதுகிற பகுதியே பழுதாகிவிட்டால் டாஷ்போர்டு முழுக்கப் பச்சையாக இருக்கும். லாக் வரவில்லை என்பதும் தவறு நடக்கவில்லை என்பதும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும்.

தென்காசி ஏன் பச்சை

படத்துக்குத் திரும்புவோம். தென்காசிக்கு நழுவலைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நம் பதிவுச் சட்டத்தில் நிகழ்வு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. வீடு எங்கே என்பது பதிவேட்டில் ஒரு விவரம் மட்டும்தான். குற்றாலத்துக்குக் குளிக்க வந்த சென்னைக்காரர் இங்கே மாரடைப்பில் இறந்தால் அது குற்றாலத்தில் பதிவாகும். அந்தச் சின்னப் பேரூராட்சியின் இறப்பு விகிதத்தை அங்கே பதிவானதை வைத்துக் கணக்கிட்டால், குற்றாலத்துக்காரர்கள் பாதி ஆயுசிலேயே போய்விடுவதாகத் தோன்றும்.

குழந்தைகள் விஷயத்தில் ஓட்டம் எதிர்த் திசையில். தென்காசி மாவட்டம் திருநெல்வேலியிலிருந்து 2019 நவம்பரில்தான் பிரிந்தது. கோடு பிரிந்ததே தவிர, ஆம்புலன்ஸ் போகும் பாதை பிரியவில்லை. எடை மிகக் குறைவாகப் பிறந்த குழந்தை, மூச்சுத் திணறும் குழந்தை என்றால் பாளையங்கோட்டையில் உள்ள மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். காப்பாற்ற முடியாமல் போனால் சாவு அங்கே பதிவாகும். ஆபத்தான பிரசவம் என்று முன்பே தெரிந்தால் தாயே அங்கே போய்விடுவாள். செங்கோட்டைப் பக்கத்துக்காரர்கள் சிலர் மலையைத் தாண்டிக் கேரளாவுக்கும் போவார்கள். போதாததற்குத் தலைப்பிரசவத்துக்குப் பெண் பிறந்த வீட்டுக்குப் போகும் வழக்கம் வேறு.

ஒரு கற்பனை மாவட்டத்தை எடுத்துக் கணக்குப் போடுவோம். எண்கள் எல்லாம் நான் வைத்துக்கொண்டவை, தென்காசியின் உண்மை எண்கள் அல்ல. மாவட்டத்தில் வசிக்கும் பெண்களுக்கு ஒரு வருடத்தில் 16,000 குழந்தைகள் பிறக்கின்றன. உண்மையான விகிதம் 13 என்றால் 208 சிசு மரணங்கள். இதில் 80 பக்கத்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நடக்கிறது. 20 வீட்டிலோ வழியிலோ நடந்து பதிவாகாமல் போகிறது. 12 இறந்து பிறந்ததாக எழுதப்படுகிறது. மாவட்டத்தில் பதிவாவது 96. பிறப்புகளும் வெளியே போவதால், போனது வந்தது கழித்து 14,000 மட்டும் உள்ளே பதிவாகிறது என்று வைப்போம். 96-ஐ 14,000-ஆல் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் 6.9.

13 இருந்த இடத்தில் 7. யாரும் பொய் எழுதவில்லை, எந்த அலுவலகமும் தன் பதிவேட்டைத் திருத்தவில்லை.

இப்போது பக்கத்து மாவட்டத்தைப் பாருங்கள். அங்கே சொந்தமாக 20,000 பிறப்பு, அதே 13 விகிதம், 260 மரணம் என்று வைப்போம். அவர்கள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பதிகிறார்கள். இங்கிருந்து போன 80 மரணமும் 2,000 பிறப்பும் அவர்கள் கணக்கில் ஏறினால் 340-க்கு 22,000, அதாவது 15.5. இரண்டு மாவட்டத்துக்கும் உண்மை ஒன்றுதான். படத்தில் ஒன்று பச்சை, இன்னொன்று சிவப்பு. கஷ்டமான கேஸ்களை ஏற்றுக்கொண்டு, ஒழுங்காகப் பதிவும் செய்த ஊருக்குக் கெட்ட பெயர்.

இதில் கவனிக்க வேண்டியது, காணாமல் போன 112-ல் உண்மையில் பதிவாகாதது 32 மட்டுமே. 80 பதிவாகியிருக்கிறது, வேறு ஊர்ப் பதிவேட்டில். முதல் குறையை வீடு வீடாகப் போய்த்தான் தீர்க்க முடியும். இரண்டாவதைத் தீர்க்க ஒரு வீட்டுக்கும் போக வேண்டாம். இறப்புப் படிவத்தில் ஏற்கெனவே இருக்கும் வசிப்பிட விவரத்தை வைத்துப் பிரித்து எண்ணினால் போதும். தாயின் ஊர் எது என்று கேட்காமல் போட்ட மாவட்டப் பட்டியல் எதையும் நான் இனிமேல் ஒரு நிமிடத்துக்கு மேல் பார்ப்பதாக இல்லை.

நாட்டுக் கணக்கு

"ஊர் மாறுவதுதானே சிக்கல், மொத்த நாட்டுக்கும் எடுத்தால் சரியாகிவிடுமே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாட்டளவில் இடமாற்றம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். அப்போது மிஞ்சுவது உண்மையான விடுபடல் மட்டும். தலைமைப் பதிவாளரின் குடிமைப் பதிவு அறிக்கை 2020-ஐ எடுத்துப் பார்த்தேன். அந்த வருடம் பதிவான பிறப்புகள் சுமார் 2.42 கோடி. பதிவான சிசு மரணங்கள் 1,43,379.

```
births = 24200000
registered = 143379

print(registered / births * 1000)   # 5.9
expected = births * 28 / 1000       # 677600
print(registered / expected)        # 0.21
```

பதிவை அப்படியே நம்பினால் இந்தியாவின் சிசு மரண விகிதம் 5.9. அதே வருடம் எஸ்ஆர்எஸ் கேரளாவுக்குக் கொடுத்தது 6. ஆக மொத்த இந்தியாவும் கேரளாவைத் தாண்டிவிட்டது! உண்மையில் எஸ்ஆர்எஸ்ஸின் 28-ஐ வைத்துப் பார்த்தால் சுமார் 6.8 லட்சம் மரணங்கள் பதிவாகியிருக்க வேண்டும். வந்து சேர்ந்தது ஐந்தில் ஒன்று.

இதோடு சேர்த்து வாசிக்க வேண்டிய இன்னொரு எண், இறப்புப் பதிவின் நிறைவு. 2019-க்கு அது 92 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது. அந்த 92 எல்லா வயதும் கலந்தது. இறப்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள், அவர்களுக்குச் சான்றிதழ் தேவை, அதனால் பதிவாகிறார்கள். அந்த மொத்த எண்ணின் நிழலில் குழந்தைகள் மறைந்துவிடுகிறார்கள். என் முக்கியமான விமர்சனம் இதுதான்: பதிவு நிறைவை வயதுவாரியாகப் போடாமல் ஒரே எண்ணாகச் சொல்வது தவறான நிம்மதியைக் கொடுக்கிறது. முதல் 28 நாள், ஒரு வயது, ஐந்து வயது என்று தனித்தனியாகப் போட்டால் யாருக்கும் விளக்கமே தேவைப்படாது.

கிராமம், நகரம் என்று பிரித்தால் நிலைமை இன்னும் தெளிவு. 2020-ல் பதிவான சிசு மரணங்களில் 76.6 சதவீதம் நகரத்தில், 23.4 சதவீதம் கிராமத்தில். எஸ்ஆர்எஸ் சொல்வதோ கிராமத்தில் 31, நகரத்தில் 19. அதாவது சாவு அதிகம் நடக்கும் இடத்தில் பதிவு குறைவு. ஆஸ்பத்திரி நகரத்தில் இருப்பதும், வீட்டுச் சாவு ஏட்டுக்கு வராமல் போவதும் சேர்ந்து படத்தைத் தலைகீழாக்கிவிட்டன. நியாயமாகச் சொன்னால், கிராமத்து எண்ணிக்கை கவலைக்குரியது என்பதை அந்த அறிக்கையே ஒத்துக்கொள்கிறது. அந்த வரியை யாரும் படமாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை, அவ்வளவுதான்.

எஸ்ஆர்எஸ்ஸை மட்டும் ஏன் நம்ப வேண்டும்

எஸ்ஆர்எஸ் எல்லாரையும் எண்ணுவதில்லை. நாடு முழுக்கச் சுமார் 8,800 இடங்களைத் தேர்ந்தெடுத்து அங்கே மட்டும் எண்ணுகிறது, ஆனால் இரண்டு தடவை. உள்ளூர்க் கணக்கெடுப்பாளர் ஒருவர் நடக்க நடக்கக் குறித்து வருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொரு மேற்பார்வையாளர் அந்தக் குறிப்பைப் பார்க்காமல் தனியாக வீடு வீடாகப் போய்க் கேட்பார். கர்ப்பமாக இருந்த பெண்களின் பட்டியலும் இருக்கும், எனவே "போன தடவை ஆறு மாசம்னு இருந்துச்சே, குழந்தை எங்கே?" என்று கேட்க முடியும். இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டு, ஒன்றில் மட்டும் இருப்பதைத் திரும்பப் போய்ச் சரிபார்ப்பார்கள். முக்கியமாக, அங்கே வசிப்பவர் வெளியூரில் பெற்றாலும் இழந்தாலும் அது அந்த வீட்டுக் கணக்கில்தான் வரும்.

இதற்கும் எல்லை உண்டு. மாதிரி சிறியது என்பதால் மாநிலத்துக்கு எண் கிடைக்கும், மாவட்டத்துக்குக் கிடைக்காது. தமிழ்நாட்டுக்கு 2020-ல் சிசு மரணம் 13. அதே காலத்தை ஒட்டிய தேசியக் குடும்பநல ஆய்வு ஐந்து தமிழ்நாட்டுக்கு 18.6 என்கிறது. இதைப் பார்த்துவிட்டு ஏதோ ஒன்று பொய் என்று சண்டை போடுபவர்கள் உண்டு. ஆய்வின் எண் ஒரு வருடத்துடையது அல்ல, நேர்காணலுக்கு முந்தைய ஐந்து வருடத்துக்கானது. 2016 முதல் 2020 வரை எஸ்ஆர்எஸ் கொடுத்தவை 17, 16, 15, 15, 13. சராசரி 15. ஐந்தரைப் புள்ளி வித்தியாசம் மூன்றரையாகக் குறைந்துவிட்டது. மிச்சத்தில் மாதிரிப் பிழைக்கும் பங்கு உண்டு. எஸ்ஆர்எஸ் கொஞ்சம் தவறவிடுகிறது என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. 2020-ல் தமிழ்நாட்டுக்கு அது கொடுத்த ஐந்து வயதுக்குட்பட்டோர் விகிதமும் 13, சிசு மரணமும் 13. முழு எண்ணாக்கியதைக் கழித்தாலும், ஒன்று முதல் நான்கு வயது வரை 1000-க்கு ஒன்றுகூட இல்லை என்று ஆகிறது. குடும்பநல ஆய்வில் அந்த இடைவெளி 3.7.

மாவட்டத்துக்கு என்ன வழி

வழி 1949-லேயே இருக்கிறது. சி. சந்திரசேகரன், எட்வர்ட்ஸ் டெமிங் இருவரும் கல்கத்தா பக்கம் சிங்கூரில் கிடைத்த விவரங்களை வைத்து எழுதிய கட்டுரை. ஒரே ஊரைத் தனித்தனியாக எண்ணிய இரண்டு பட்டியல் இருந்தால், இரண்டிலுமே விட்டுப்போனதையும் மதிப்பிடலாம்.

ஒரு வட்டாரத்தில் பதிவாளர் பட்டியலில் 40 சிசு மரணம், செவிலியரின் கர்ப்பிணிப் பதிவேட்டில் 45 என்று வைப்போம். ஒப்பிட்டால் 30 பொது. செவிலியர் கண்ட 45-ல் 30-ஐப் பதிவாளர் பிடித்திருக்கிறார், ஆக அவர் பிடிக்கும் திறன் மூன்றில் இரண்டு. அவர் பிடித்த மொத்தம் 40 என்றால் உண்மை 60. இரண்டு பட்டியலையும் சேர்த்தால் கண்ணில் பட்டது 55. யார் கண்ணிலும் படாதது 5.

தமிழ்நாட்டில் இதற்கான இரண்டு பட்டியலும் கையில் இருக்கிறது. கர்ப்பம் பதிவாகும்போதே ஓர் எண் கொடுத்து, பிரசவம் வரை தொடரும் அமைப்பு நம்மிடம் உண்டு. ஆனால் இங்கேதான் ஒரு கண்ணி. இந்தச் சூத்திரம் வேலை செய்ய இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும். செவிலியர் சொல்லித்தான் பதிவாளர் எழுதுகிறார் என்றால் பொது எண்ணிக்கை செயற்கையாகக் கூடும், விடுபட்டது குறைவாகத் தெரியும். 30-க்குப் பதில் 38 பொது என்று வைத்துப் பாருங்கள், மதிப்பீடு 47-க்கு இறங்கிவிடும். நிர்வாகத்துக்கு வசதி என்று இரண்டு அமைப்பையும் எவ்வளவு இறுக்கமாக இணைக்கிறோமோ, அவ்வளவுக்கு அவை ஒன்றையொன்று சரிபார்க்கும் திறனை இழக்கின்றன. அதனால் வருடத்துக்கு ஒருமுறை, சில கிராமங்களிலாவது, எந்தப் பட்டியலையும் கையில் வைத்துக்கொள்ளாத மூன்றாவது ஆள் ஒருவர் போய்க் கேட்க வேண்டும்.

என்ன கேட்க வேண்டும் என்பதற்கும் முன்மாதிரி இருக்கிறது. குடும்பநல ஆய்வில் உயிரோடு இருக்கும் பிள்ளைகளைக் கேட்ட பிறகு, பிறந்து பின்னால் இறந்த குழந்தை உண்டா என்று கேட்பார்கள். இல்லை என்றால் அதோடு விட மாட்டார்கள். அழுதோ அசைந்தோ உயிர் இருந்ததாகக் காட்டிவிட்டுப் பிழைக்காமல் போன குழந்தை ஏதாவது உண்டா என்று மறுபடி கேட்பார்கள். அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் அவ்வளவு தூரம் போவது.

படத்தை அனுப்பிய நண்பனுக்கு இதையெல்லாம் சுருக்கி எழுதினேன். "அப்ப நம்ம ஊரு நல்லா இல்லங்கியா?" என்று கேட்டான். நல்லா இருக்கலாம். சிசு மரணம் தமிழ்நாட்டில் உண்மையாகவே குறைந்திருக்கிறது, எஸ்ஆர்எஸ்ஸும் ஆய்வும் இரண்டுமே அதைச் சொல்கின்றன. ஆனால் தென்காசி எவ்வளவு நல்லா இருக்கிறது என்பதை அந்தப் படம் சொல்லவில்லை.

அம்மாவிடம் ராத்திரி கேட்டேன், உன்னிடம் யாராவது கணக்கெடுக்க வந்து பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார்களா என்று. "வந்தாவ, எத்தன பிள்ளன்னு கேட்டாவ. மூணுன்னேன்" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "அவன் அழுதாம்ல. மூணு நாளும் நல்லா அழுதான்" என்றாள்.